49-இல் 6: டோட்டோ சேர்க்கைகளை எண்ணுவதும் முதல் பரிசு வாய்ப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

49 எண்ணில் 6 எடுத்தால் மொத்தம் எத்தனை சேர்க்கை வரும்?

1,39,83,816. அதாவது ஒரு கோடியே 39 லட்சத்து 83 ஆயிரத்து 816. சிங்கப்பூரின் டோட்டோ லாட்டரி 2014 அக்டோபரிலிருந்து இந்த 49-இல் 6 முறையில் நடக்கிறது. கனடாவின் லோட்டோ 6/49-க்கும், 1955-இல் ஹாம்பர்க்கில் தொடங்கிய ஜெர்மன் லோட்டோவுக்கும் அடிப்படை இதே எண்தான். நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்தது டோட்டோ என்பதால் கீழே அதையே எடுத்துக்கொள்கிறோம். ஆறு எண்கள் கொண்ட ஒரு சாதாரண வரிக்கு விலை ஒரு சிங்கப்பூர் வெள்ளி. வாரத்துக்கு இரண்டு குலுக்கல்.

அந்த எண் எங்கிருந்து வந்தது? கையால் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். முதல் பந்து விழும்போது கூண்டில் 49 பந்துகள் இருக்கின்றன. விழுந்த பந்து திரும்பப் போடப்படுவதில்லை. ஆகவே இரண்டாவதுக்கு 48, மூன்றாவதுக்கு 47 என்று குறைந்து ஆறாவதுக்கு 44 மிஞ்சும். எல்லாவற்றையும் பெருக்கினால்:

49 × 48 × 47 × 46 × 45 × 44 = 10,06,83,47,520

இது வரிசையையும் சேர்த்து எண்ணியது. டோட்டோவில் வரிசை பொருட்டில்லை. 5, 12, 19, 27, 33, 41 என்று எழுதியிருக்கிறீர்கள் என்றால், 41 முதலில் விழுந்தாலும் கடைசியில் விழுந்தாலும் உங்கள் சீட்டுக்குப் பரிசு உண்டு. ஆறு எண்களை வரிசை மாற்றி அடுக்க 6 × 5 × 4 × 3 × 2 × 1 = 720 வழிகள் உள்ளன. அதனால் மேலே உள்ள பெருக்கலில் ஒவ்வொரு சீட்டும் 720 முறை எண்ணப்பட்டிருக்கிறது. 720-ஆல் வகுத்தால் 1,39,83,816.

ஆயிரம் கோடியைத் தொடாமலே முடிக்க ஒரு சுருக்கு வழி இருக்கிறது. வகுப்பதை முதலிலேயே செய்துவிடுங்கள். மேலே உள்ள 48, கீழே உள்ள 6, 4, 2 மூன்றையும் தின்றுவிடும். மேலே உள்ள 45, கீழே உள்ள 5-ஐயும் 3-ஐயும் தின்று 3 ஆகிவிடும். மீதி 49 × 47 × 46 × 3 × 44 மட்டுமே. 49 × 47 = 2,303. அதை 46-ஆல் பெருக்க 1,05,938. மூன்றால் பெருக்க 3,17,814. நாற்பத்து நான்கால் பெருக்க 1,39,83,816.

கணினியில் சரிபார்க்க, விரிதாளில் முதல் வரியையோ பைத்தானில் அடுத்த இரண்டையோ இடுங்கள்:

```
=COMBIN(49,6)

import math
print(math.comb(49, 6))
```

எனக்கு வேறு விடை வருகிறது. எங்கே தப்பு?

வந்த விடையைப் பார்த்தாலே பெரும்பாலும் சொல்லிவிடலாம். 10,06,83,47,520 வந்தால் 720-ஆல் வகுக்கவில்லை. விரிதாளில் `COMBIN` போட வேண்டிய இடத்தில் `PERMUT` போட்டாலும் இதுவே வரும். 1,67,80,57,920 வந்தால் 720-க்குப் பதில் வெறும் 6-ஆல் வகுத்திருக்கிறீர்கள். ஆறு எண்கள் என்பதால் ஆறால் வகுத்தால் போதும் என்று தோன்றுவது மிகவும் சகஜம். 13,84,12,87,201 வந்தால் 49-ஐ ஆறு முறை பெருக்கியிருக்கிறீர்கள். விழுந்த பந்தை ஒவ்வொரு முறையும் கூண்டில் திரும்பப் போட்டு, வரிசையையும் கணக்கில் வைத்தால்தான் அது சரி.

டோட்டோவில் கூடுதல் எண் என்று ஏழாவது பந்து ஒன்று விழுகிறதே, அது முதல் பரிசு வாய்ப்பை மாற்றுமா?

மாற்றாது. முதல் பரிசான 1-ஆம் பிரிவுக்கு முதலில் விழுந்த ஆறு எண்கள் மட்டுமே வேண்டும். கூடுதல் எண் 2, 4, 6 ஆகிய பிரிவுகளில் மட்டும் வேலை செய்கிறது.

ஜெர்மனியின் கதை வேறு. அங்கே 1991-இல் 0 முதல் 9 வரையான ஓர் இலக்கத்தைத் தனியாகக் குலுக்கிச் சேர்த்தார்கள். பெரும்பரிசுக்கு ஆறு எண்களோடு அதுவும் பொருந்த வேண்டும் என்பதால் வாய்ப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கி, 13,98,38,160-இல் 1 ஆகிவிட்டது. ஆகவே "6/49" என்ற பெயரை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். பெரும்பரிசுக்கு எந்தெந்தப் பந்து பொருந்த வேண்டும் என்று விதியைப் படியுங்கள்.

மற்றப் பிரிவுகளின் வாய்ப்பை எப்படிக் கணக்கிடுவது?

குலுக்கல் முடிந்ததும் 49 எண்களும் மூன்று கூட்டமாகப் பிரிந்துவிடுகின்றன: வென்றவை 6, கூடுதல் எண் 1, மீதி 42. உங்கள் ஆறு எண்களில் எத்தனை எந்தக் கூட்டத்தில் இருக்கின்றன என்பதே எல்லாப் பிரிவுகளுக்கும் அடிப்படை. ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் எடுக்கும் வழிகளைத் தனித்தனியாகக் கண்டு பெருக்க வேண்டும்.

மூன்று எண் மட்டும் பொருந்தும் 7-ஆம் பிரிவைப் பார்ப்போம். வென்ற ஆறில் மூன்றை எடுக்க 20 வழிகள். மற்ற மூன்றும் அந்த 42-இல் இருந்து வர வேண்டும். அதற்கு 11,480 வழிகள். 20 × 11,480 = 2,29,600. மொத்தச் சேர்க்கையை இதனால் வகுத்தால் சுமார் 61-இல் 1 என்று வரும்.

இரண்டாம் பிரிவில் ஐந்து எண்ணும் கூடுதல் எண்ணும் வேண்டும். ஆறில் ஐந்தை எடுக்க 6 வழிகள், கூடுதல் எண்ணுக்கு ஒரே வழி. ஆறே சேர்க்கைகள்தான். அதனால் அதன் வாய்ப்பு 23,30,636-இல் 1.

இதே முறையில் எல்லாப் பிரிவுகளும்:

- 1-ஆம் பிரிவு (ஆறும்): 1 சேர்க்கை
- 2-ஆம் பிரிவு (ஐந்தும் கூடுதலும்): 6 சேர்க்கைகள், 23,30,636-இல் 1
- 3-ஆம் பிரிவு (ஐந்து): 252 சேர்க்கைகள், சுமார் 55,491-இல் 1
- 4-ஆம் பிரிவு (நான்கும் கூடுதலும்): 630 சேர்க்கைகள், சுமார் 22,197-இல் 1
- 5-ஆம் பிரிவு (நான்கு): 12,915 சேர்க்கைகள், சுமார் 1,083-இல் 1
- 6-ஆம் பிரிவு (மூன்றும் கூடுதலும்): 17,220 சேர்க்கைகள், சுமார் 812-இல் 1
- 7-ஆம் பிரிவு (மூன்று): 2,29,600 சேர்க்கைகள், சுமார் 61-இல் 1

கூட்டினால் 2,60,624. அதாவது ஏதோ ஒரு பரிசு கிடைக்க 54-இல் 1 வாய்ப்பு. அந்த "ஏதோ ஒன்று" பெரும்பாலும் 7-ஆம் பிரிவின் 10 வெள்ளிதான்.

இந்தக் கணக்கில் அதிகம் நடக்கும் தவறு, பொருந்தாத எண்களை எண்ண மறப்பது. ஐந்து பொருந்த 6 வழிகள் என்று எழுதி அதோடு நின்றுவிட்டால், ஆறாவது எண் 42 விதமாக இருக்கலாம் என்பது விட்டுப்போகும். கணக்குச் சரியா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை உண்டு. கூடுதல் எண்ணை மறந்துவிட்டு, ஒன்றுகூடப் பொருந்தாதது முதல் ஆறும் பொருந்தியது வரை எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள்: 60,96,454 + 57,75,588 + 18,51,150 + 2,46,820 + 13,545 + 258 + 1. சரியாக 1,39,83,816 வர வேண்டும். ஒன்று பிசகினாலும் எங்கோ ஒரு கூட்டத்தை விட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு எண்களையும் பாருங்கள். 100 சீட்டுகளில் சுமார் 85, ஒரே ஓர் எண்ணோடு அல்லது அதுவும் இல்லாமல் முடிந்துவிடுகின்றன.

சிஸ்டம் 7, சிஸ்டம் 12 வாங்கினால் வாய்ப்பு கூடுமா?

கூடும், ஆனால் கொடுத்த காசுக்குத் தக்கபடி மட்டுமே. சிஸ்டம் 7-இல் ஏழு எண்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஏழில் ஆறை எடுக்க 7 வழிகள். ஆகவே 7 வரிகள், 7 வெள்ளி. சிஸ்டம் 8 என்றால் 28 வெள்ளி, சிஸ்டம் 9-க்கு 84, சிஸ்டம் 12-க்கு 924. சிஸ்டம் 12-இன் முதல் பரிசு வாய்ப்பு 15,134-இல் 1. கேட்க நன்றாக இருந்தாலும், 924 வெவ்வேறு தனி வரிகளை வாங்கினாலும் அதே 15,134-இல் 1-தான்.

வேறுபாடு சின்னப் பரிசுகளில் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. சிஸ்டம் 7-இன் ஏழு வரிகளும் ஒரே எண்களைப் பகிர்ந்துகொள்கின்றன. வென்றால் சேர்ந்து வெல்லும், தோற்றால் சேர்ந்து தோற்கும். உங்கள் ஏழு எண்களில் மூன்று பொருந்தின, கூடுதல் எண் அவற்றில் இல்லை என்று வையுங்கள். பொருந்திய மூன்றோடு மற்ற நான்கில் எந்த மூன்றும் சேரலாம் என்பதால் 4 வரிகள் வெல்கின்றன. 40 வெள்ளி கிடைக்கும். இப்படி ஏதாவது கிடைக்கும் வாய்ப்பு சிஸ்டம் 7-க்கு 32-இல் 1.

அதே 7 வெள்ளிக்கு, ஓர் எண்கூட இரண்டு வரியில் வராதபடி 42 எண்களைப் பரப்பி ஏழு தனி வரிகள் போட்டால், ஏதாவது கிடைக்கும் வாய்ப்பு சுமார் 8-இல் 1. ஆனால் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றைப் பத்து வெள்ளி. சராசரியில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. சிஸ்டம் அரிதாக, மொத்தமாகத் தருகிறது. தனி வரிகள் அடிக்கடி, சில்லறையாகத் தருகின்றன.

வாரம் இரண்டு குலுக்கலிலும் ஒரு வரி விடாமல் போட்டால் எப்போது விழும்?

வருடத்துக்கு 104 வரிகள். அந்த வேகத்தில் சராசரியாக 1,34,460 வருடங்களுக்கு ஒருமுறை. ஒருமுறையாவது விழ பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டும் என்றால் சுமார் 93,000 வருடங்கள். 1,39,83,816 குலுக்கல் ஆடினால் கட்டாயம் விழுந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. அத்தனை ஆடிய பிறகும் ஒருமுறைகூட விழாமல் இருக்க 37 விழுக்காடு வாய்ப்பு மிச்சமிருக்கிறது. ஒவ்வொரு குலுக்கலும் புதிதாகத் தொடங்குகிறது.

வாய்ப்பு இவ்வளவு குறைவு என்றால் யாருக்காவது விழுந்துகொண்டே இருக்கிறதே, எப்படி?

நீங்கள் வாங்குவது ஒரு வரி. எல்லோரும் சேர்ந்து வாங்குவது லட்சக்கணக்கில். ஒரு குலுக்கலுக்கு 50 லட்சம் வரிகள் விற்றன, எண்கள் தாறுமாறாகப் பரவியிருக்கின்றன என்று கொள்வோம். யாருக்கும் விழாமல் போக வாய்ப்பு சுமார் 70 விழுக்காடு. 1.4 கோடி வரிகள் விற்றால் அது 37 விழுக்காடாகக் குறையும். அப்போதும் பூஜ்யம் ஆகாது. ஒரே சேர்க்கையைப் பலர் எடுத்திருப்பார்கள், வேறு பல சேர்க்கைகளை ஒருவருமே எடுத்திருக்கமாட்டார்கள் என்பதே காரணம். டோட்டோவில் முதல் பரிசு அடுத்த குலுக்கலுக்குச் சேர்வது இப்படித்தான். நான்காவது குலுக்கலிலும் விழாவிட்டால் தொகை இரண்டாம் பிரிவினருக்குப் போகும்.

போன வாரம் வந்த எண்களைத் தவிர்க்க வேண்டுமா? 1, 2, 3, 4, 5, 6 போட்டால் விழவே விழாதா?

பந்துகளுக்கு நினைவு கிடையாது. போன வாரச் சேர்க்கைக்கும், 1 முதல் 6 வரையான வரிசைக்கும், இயந்திரம் கொடுக்கும் குயிக் பிக் சேர்க்கைக்கும் ஒரே வாய்ப்புதான். பழைய ஆறு எண்கள் அப்படியே திரும்பி வந்ததும் உண்டு. ஜெர்மனியில் 1986 டிசம்பர் 20 அன்று விழுந்த 15, 25, 27, 30, 42, 48 என்ற ஆறும் 1995 ஜூன் 21 அன்று மறுபடி விழுந்தன. அதுவரை நடந்த குலுக்கல்கள் 3,016. அவற்றை இரண்டிரண்டாக இணைத்தால் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைகள் வரும். ஏதாவது ஓர் இணை ஒன்றுபோல் அமைய 28 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. ஆச்சரியப்பட அதில் அதிகம் இல்லை.

ஆனாலும் 1, 2, 3, 4, 5, 6 போடாதீர்கள் என்றே சொல்வோம். காரணம் வாய்ப்பு அல்ல, பங்கு. முதல் பரிசுத் தொகை வென்றவர்களுக்கிடையே பிரிக்கப்படுகிறது. பலருக்குத் தோன்றும் சேர்க்கை வென்றால் பலரோடு பிரித்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனின் லாட்டரி அப்போது 49-இல் 6 முறையில் நடந்தது. 1995 ஜனவரி 14 அன்று 7, 17, 23, 32, 38, 42 விழுந்தன. விற்ற வரிகள் சுமார் 7 கோடி. கணக்குப்படி ஐந்து பேர் அளவில் வென்றிருக்க வேண்டும். வென்றவை 133 சீட்டுகள். 1.63 கோடி பவுண்டு பிரிந்து ஆளுக்கு 1,22,510 பவுண்டு ஆனது. அந்த எண்கள் சீட்டுப் படிவத்தின் நடுப்பகுதியில் பரவலாக அமைந்திருந்தன. கையால் குறிப்பவர்கள் பலர் அந்தப் பகுதியிலேயே குறிக்கிறார்கள் என்று விளக்குகிறார்கள்.

பிறந்தநாள் எண்களுக்கும் இது பொருந்தும். 31-க்குள் அடங்கும் சேர்க்கைகள் 7,36,281 மட்டுமே. மொத்தத்தில் சுமார் 5 விழுக்காடு. ஆனால் பிள்ளைகளின் பிறந்த தேதி, திருமண நாள் என்று எழுதுவோர் எல்லோரும் அந்த 5 விழுக்காட்டுக்குள்தான் நெருக்கியடிக்கிறார்கள். 31-க்கு மேலும் சில எண்கள் எடுங்கள். ஏறுவரிசை, மூலைவிட்டம், ஏழின் வாய்ப்பாடு போன்ற கோலங்களை விட்டுவிடுங்கள். வெல்லும் வாய்ப்பு இம்மியும் கூடாது. வென்றால் பிரிக்க ஆள் குறைவாக இருப்பார்கள் என்பது மட்டுமே லாபம்.

எல்லாச் சேர்க்கைகளையும் வாங்கிவிட்டால்?

1,39,83,816 வெள்ளி வேண்டும். வினாடிக்கு ஒரு வரி என்று இரவு பகலாகப் பதிவு செய்தாலும் 161 நாட்களுக்கு மேல் ஆகும். இரண்டு குலுக்கலுக்கு இடையே இருப்பதோ மூன்று நான்கு நாட்கள். இதையெல்லாம் சமாளித்தாலும் வேறு ஒருவரும் அதே ஆறு எண்களை வைத்திருந்தால் பரிசு பாதியாகும். அயர்லாந்தில் 1992 மே மாதம் ஒரு குழு இதை முயன்றது. அங்கே அப்போது 36-இல் 6 முறை, சேர்க்கைகள் 19,47,792 மட்டும். அவர்கள் ஏறக்குறைய 80 விழுக்காட்டை வாங்கினார்கள். வென்ற சேர்க்கை அவர்களிடம் இருந்தது. வேறு இரண்டு பேரிடமும் இருந்தது. முதல் பரிசு மூன்றாகப் பிரிந்தது.

முதல் பரிசு ஒரு கோடி வெள்ளிக்கு ஏறினால் வாங்குவது லாபமா?

முதலில் சாதாரண நிலையைப் பார்ப்போம். டோட்டோ விற்பனையில் 54 விழுக்காடு பரிசுகளுக்குப் போகிறது. ஒரு வெள்ளி போட்டால் நீண்ட ஓட்டத்தில் 54 காசு திரும்பும். அதில் 5, 6, 7-ஆம் பிரிவுகளின் நிலையான பரிசுகள் (50, 25, 10 வெள்ளி) சுமார் 24 காசு. 2, 3, 4-ஆம் பிரிவுகள் சுமார் 9 காசு. முதல் பரிசின் பங்கு 20 காசுக்குச் சற்று மேல். ஆகவே முதல் பரிசே விழாது என்ற நிலையில் உங்கள் வெள்ளியின் மதிப்பு 33 காசு.

மிச்ச 67 காசையும் முதல் பரிசு ஈடுகட்ட வேண்டும். பரிசைச் சேர்க்கைகளின் எண்ணிக்கையால் நேராக வகுத்தால், சுமார் 94 லட்சம் வெள்ளி இருந்தாலே போதும் என்று தோன்றும். ஒரு கோடி என்றதும் லாபக் கணக்கு எழுதுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பரிசு ஏற ஏறக் கூட்டமும் ஏறும். 1.4 கோடி வரிகள் விற்கும் குலுக்கலில், பங்கு பிரிவதைக் கணக்கில் எடுத்தால் முதல் பரிசின் மதிப்பு 63 விழுக்காடாகச் சுருங்குகிறது. ஒரு கோடிப் பரிசுக்கு ஒரு வரியின் பங்கு 71 காசு அல்ல, 45 காசு. 33-ஐயும் சேர்த்தால் 78 காசு. போட்ட ஒரு வெள்ளியை எட்ட, அதே கூட்டத்தில் பரிசு ஏறக்குறைய 1.48 கோடி வெள்ளியாக இருக்க வேண்டும். அப்போதும் அந்தச் சராசரியில் பெரும்பகுதி 1,39,83,816-இல் ஒரு சேர்க்கையில் அடங்கியிருக்கிறது. மற்ற எல்லாச் சேர்க்கைக்காரர்களுக்கும் அன்று கிடைப்பது 33 காசுச் சராசரிதான்.

கேரள லாட்டரிக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா?

பொருந்தாது. அங்கே எண்ணை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அச்சிட்ட சீட்டை வாங்குகிறீர்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் தனித் தொடரும் எண்ணும் உண்டு, அதனால் முதல் பரிசை இன்னொரு சீட்டோடு பிரிக்க வேண்டியதில்லை. முதல் பரிசு வாய்ப்பைக் காண சேர்க்கைகளை எண்ண வேண்டாம், அந்தக் குலுக்கலுக்கு எத்தனை சீட்டுகள் என்று பார்த்தால் போதும். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை உள்ளது.